ஓய்வுபெற்ற வங்கி கிளார்க்கின் மளிகைக் கதையை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், தான் குடியிருக்கும் தெருவிலேயே வீடுவீடாக மளிகை கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்குகிறார். இதைச் சிறுகதையாக எழுத உட்காருகிறவர்களில் பலர் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். நல்ல மனிதர், நல்ல முயற்சி, கடை நடக்கிறது, அதற்கு மேல் என்ன நடக்கும் என்று தெரிவதில்லை. கதைக்கு வேண்டியது அந்த மனிதரின் பழைய வேலைக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுக்கும் முறையைப் படிப்படியாகக் கீழே சொல்கிறேன். ஏறத்தாழ 2000 சொற்களில் முடியும் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எழுதும் முன் தயார் செய்ய வேண்டியவை

இரண்டு தாள்கள் போதும். முதல் தாளில் அவருடைய பழைய வேலை நாளின் கடைசி ஒரு மணி நேரத்தை எழுதுங்கள். கவுன்டரை மூடிய பிறகு ரொக்கம் எண்ணுவது, நூறு நோட்டுக்கு ஒரு கட்டு போடுவது, ஒருமுறை எண்ணியதை மறுபடி எண்ணுவது, கையிருப்பும் ஏட்டில் உள்ள தொகையும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. குறைந்தாலும் தவறு, கூடினாலும் தவறு. கூடுதலாக இருக்கும் தொகை யாரோ ஒருவருடைய பணம். டேலி ஆகாமல் வீட்டுக்குப் போக முடியாது.

இந்த ஒரு மணி நேரத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், முப்பது ஆண்டு அதைச் செய்தவருக்கு அது சுபாவமாகவே ஆகிவிடும். கதை முழுவதும் அவர் நடந்துகொள்ளும் விதம் இங்கிருந்துதான் வரப்போகிறது. ஒரு எச்சரிக்கை: பணிக்காலத்தின் பின்பாதியில் அவர் கணினியில்தான் வேலை செய்திருப்பார். கூட்டல் கழித்தலை இயந்திரம் பார்த்துக்கொண்டிருக்கும். கையால் கூட்டிப் பிழை தேடிய பழக்கத்தைப் பணியின் முதல் ஆண்டுகளில் வையுங்கள். நோட்டு எண்ணும் பழக்கம் மட்டும் கடைசி நாள்வரை வரலாம்.

இரண்டாம் தாளில் அவருடைய மளிகையின் ஒரு நாள் கணக்கு இருக்க வேண்டும். எத்தனை வீடு, எத்தனை கிலோ, எவ்வளவு நேரம். பன்னிரண்டு வீடு, வீட்டுக்குச் சராசரியாக 6 கிலோ என்றால் மொத்தம் 72 கிலோ. அறுபதைத் தாண்டியவர் சைக்கிளில் ஒரே நடையில் அதைக் கொண்டுபோக மாட்டார். நடைக்கு 24 கிலோ வீதம் மூன்று நடை. ஒரு வீட்டில் மணி அடித்து, கதவு திறக்கக் காத்திருந்து, சீட்டைச் சரிபார்த்து, காசு வாங்கிச் சில்லறை கொடுக்க ஐந்து நிமிடம். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் போக்குவரத்து.

புதிதாக எழுதுபவர்கள் அரை மணியில் இருபது வீட்டை முடிக்க வைத்துவிடுவார்கள். வாசகர் கூட்டிப் பார்க்க மாட்டார், ஆனால் ஏதோ பொய் என்று அவருக்குத் தட்டும். அந்த மனிதரின் மூச்சு வாங்கலும் முழங்கால் வலியும் கதைக்கு வெளியே போய்விடும்.

2. கதையை எந்த நாளில் தொடங்குவது

பிரிவு உபசார விழாவில் தொடங்காதீர்கள். கடை வைக்கும் யோசனை பிறந்த நாளிலும் வேண்டாம். இரண்டும் கதைக்கு முந்தைய செய்திகள். அங்கே தொடங்கினால் முதலீடு, வீட்டாரின் எதிர்ப்பு, முதல் ஆர்டர் என்று வரிசையாகச் சொல்லியே பாதி இடம் தீர்ந்துவிடும்.

கடை தொடங்கி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை பழகிவிட்டது, ஆனால் மனம் இன்னும் பழகவில்லை. ஒரு மதியத்தில் தொடங்கி மறுநாள் காலையில் முடியட்டும்.

தொடக்கக் காட்சிக்கு ஒரு யோசனை. அவர் 50 கிலோ சர்க்கரைச் சாக்கைப் பிரித்து ஒரு கிலோ பொட்டலமாகக் கட்டுகிறார். குறையக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் துளி கூடப் போகிறது, பத்து கிராம் இருக்கும். நாற்பத்தொன்பது பொட்டலம் ஆனபோது 49 கிலோ 490 கிராம் போய்விட்டது. ஐம்பதாவதற்கு மிச்சம் 510 கிராம்தான். யாரும் திருடவில்லை, எங்கும் சிந்தவில்லை, அவர் கணக்கிலும் பிழையில்லை. ஆனாலும் கடைசிப் பொட்டலம் பாதியில் நிற்கிறது.

இந்தக் காட்சி அவருடைய இரு உலகங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கமில்லாமல் காட்டிவிடும். நோட்டுக்கட்டில் நூறு என்றால் நூறுதான். பொருளில் அப்படி வராது. அந்தப் பொட்டலத்தை அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் எழுதுங்கள். மறுபடி எடை போட்டுப் பார்க்கட்டும், பிரித்த சாக்கை உதறிப் பார்க்கட்டும். “வாழ்க்கையும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்” என்று ஒரு வரி சேர்த்தால் காட்சி அங்கேயே கெட்டுவிடும்.

3. மோதலைத் தேர்ந்தெடுப்பது

இந்தக் கதைக்குப் பலரும் தேடிப் போகும் மோதல்கள் மூன்று: பெரிய கடையின் போட்டி, மகனின் கௌரவப் பிரச்சினை, ஓய்வுக்காலத் தனிமை. மூன்றுமே எந்த ஓய்வுபெற்றவருக்கும் பொருந்தும். அவர் வங்கி கிளார்க்காக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கிளார்க்குக்கு மட்டும் உரிய மோதல் எங்கே இருக்கிறது? முப்பது ஆண்டு அவருக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு கவுன்டர் இருந்தது. வருகிறவர்தான் நின்றார், அவர் உட்கார்ந்திருந்தார். “இல்லை” என்று சொல்ல வேண்டியிருந்தால் விதிதான் சொன்னது, அவர் சொல்லவில்லை. இப்போது அவரே அடுத்தவர் வாசலில் பையோடு நிற்கிறார். கடன் கேட்டால் மறுக்கவும் கொடுக்கவும் அவர் ஒருவர்தான். பின்னால் மேலாளரும் இல்லை, விதிப்புத்தகமும் இல்லை.

இதோடு சேரும் இன்னொன்று இரகசியம். இதை எழுதுகிறவர்கள் ஏனோ தொடுவதே இல்லை, கதையின் மிகச் செழிப்பான இடம் என்று நான் நினைப்பதோ இதைத்தான். அந்தத் தெருவில் பலருடைய கணக்கு அவர் வேலை பார்த்த கிளையில் இருந்தது. யார் கணக்கு பத்தாம் தேதிக்குள் காலியாகும் என்று அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர் விவரத்தை வெளியே பேசக் கூடாது என்பது அவர் வேலையின் அடிப்படைக் கட்டுப்பாடு, ஓய்வு பெற்றதும் அது கழன்றுவிடாது. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை இந்தப் பழைய அறிவை வைத்து அவர் தீர்மானிக்கலாமா? அதோடு, அவர் அறிந்தது பழைய நிலவரம். இன்று அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாத இந்த நிலையை விட்டுவிடாதீர்கள்.

பணயம் சிறியதாகவே இருக்கட்டும். 100-க்கு விற்றால் அவருக்கு 8 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீடு 100 தராமல் போனால் அவர் கையிலிருந்து போனது 92. அதை ஈட்ட மேலும் 12 முறை நூறு நூறாக விற்க வேண்டும். இந்தக் கணக்கை அவர் மனதுக்குள் ஒரே ஒருமுறை போட்டால் போதும், சின்னத் தொகைக்கு ஏன் இந்தப் பாடு என்று வாசகர் கேட்க மாட்டார்.

4. பிழையை அமைப்பது

இனி நடுப்பகுதி. இங்கே எண்கள் சரியாக இருந்தே ஆக வேண்டும். கணக்கறிந்தவர் பிழை தேடும் காட்சியில் கதாசிரியரே பிழை விட்டால் கதையை நம்ப ஒன்றுமில்லாமல் போகும்.

அவரிடம் மூன்று தொகைகள் உண்டு. பொருளோடு போகும் சீட்டின் தொகை, கிளம்பும் முன் சீட்டைப் பார்த்து அவர் எழுதிக்கொள்ளும் வசூல் நோட்டு, பையில் உள்ள ரொக்கம். எந்த இரண்டு ஒத்துவருகிறது, எது விலகுகிறது என்பதிலிருந்து பிழை எங்கே என்று தெரியும். நோட்டும் சீட்டும் ஒத்து ரொக்கம் மட்டும் குறைந்தால் சில்லறையில் பிசகு. நோட்டும் ரொக்கமும் ஒத்து சீட்டு மட்டும் விலகினால், சீட்டைப் பார்த்து எழுதும்போதே தவறிவிட்டது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, ஏனென்றால் அதில் பிழை முழுக்க அவருடையது.

அன்று பன்னிரண்டு வீட்டில் நான்கு வீடு மாதக் கணக்கு, எட்டு வீடு ரொக்கம். எட்டு வீட்டுச் சீட்டுகள்: 118, 75, 63, 140, 52, 97, 83, 56. கூட்டினால் 684. நோட்டில் 657, பையிலும் 657. குறைவது 27.

இந்த இடத்தில் பழைய கிளார்க் எல்லாவற்றையும் முதலிலிருந்து கூட்ட மாட்டார். 27-ஐ 9-ஆல் வகுப்பார். மீதியில்லாமல் வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த குறிப்பு. ஈவு 3. ஆகவே, இடம் மாறிய இலக்கங்களுக்குள் வித்தியாசம் 3 இருக்க வேண்டும், தொகை குறைந்திருப்பதால் பெரிய இலக்கம் முன்னால் இருந்திருக்க வேண்டும். எட்டுச் சீட்டில் அப்படி இருப்பவை 63-உம் 52-உம் மட்டுமே. 52 நோட்டில் 52 ஆகவே நிற்கிறது. 63, 36 ஆகியிருக்கிறது.

இது சாத்தியத்தைக் காட்டும் குறிப்புதான், உறுதியான சான்று இல்லை. வேறு பிழையும் தற்செயலாக 9-ஆல் வகுபடலாம். ஆகவே அவர் சீட்டை எடுத்து நேரில் ஒப்பிட்ட பிறகே நம்பட்டும்.

இந்தப் பத்தியை எழுதும்போது வேகம் முக்கியம். விதியை வாசகருக்குப் பாடமாக நடத்தாதீர்கள். “27. ஒன்பதால் வகுத்தார். மூன்று. விரல் இரண்டு சீட்டில் மட்டும் நின்றது” என்ற அளவு போதும். எட்டுத் தொகையையும் கதையில் அச்சிட வேண்டாம், உங்கள் தாளில் இருந்தால் சரி. தேடிக் கண்டுபிடித்ததும் அவருக்கு ஒரு கணம் மகிழ்ச்சி வர வேண்டும். ஒன்றரை மாதத்தில் முதன்முறையாகத் தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்திருக்கிறார். அந்த மகிழ்ச்சி அடங்கிய பிறகுதான், 63 எந்த வீட்டுச் சீட்டு என்று அவர் பார்க்கிறார்.

5. அந்த வீடு யாருடையது

தெரு வசதியானவர் என்று நம்பும் ஒரு பெண்மணியின் வீடு. பளிச்சென்று வெளுத்த திரைச்சீலை, மெருகேறிய கதவு. மாதக் கடைசியில் அவர் எப்போதும் கிளார்க்கின் பழைய வங்கிக் கவுன்டரில் மிகச் சின்னத் தொகைகளை எடுத்தவர். பணம் எடுக்கும் சீட்டை நீட்டும்போது தொகை எழுதிய பக்கத்தை உள்பக்கமாக மடித்து நீட்டுவார். கிளார்க் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்தது அந்தப் பெண்மணிக்கும் தெரியும்.

இந்தச் செய்தியைக் கதவுக் காட்சிக்கு முன்பே, மதியம் பொருள் எடுத்துவைக்கும்போதே நட்டுவிட வேண்டும். மற்ற சில வீடுகளுக்கு ஐந்து கிலோ, பத்து கிலோ என்று போகும்போது அந்த வீட்டுப் பை ஒரு விரலில் தொங்கும் அளவு இலேசாக இருக்கட்டும். மடித்து நீட்டிய சீட்டின் நினைவு ஒரே வரியில் வரட்டும். காரணம் சொல்ல வேண்டாம். கதவருகே வந்த பிறகு பின்கதை சொல்லத் தொடங்கினால் காட்சியின் சூடு ஆறிவிடும். அதிகம் பேர் தவறும் இடம் இதுதான்.

6. கதவருகே

27-ஐக் கேட்க அவர் திரும்பிப் போகிறார். போகாமல் இருக்கலாமே என்று வாசகர் நினைப்பார். அவரால் முடியாது என்பதற்குத்தான் முதல் தாளைத் தயார் செய்தோம். தொகை சின்னது என்ற எண்ணமே அவருக்கு வராது. டேலி ஆகவில்லை, அவ்வளவுதான்.

பலர் எழுதும் உரையாடல் இப்படி இருக்கும்:

“அம்மா, தவறுதலாக 27 குறைத்து வாங்கிவிட்டேன். உங்கள் பொருளாதார நிலை எனக்குத் தெரியும். பரவாயில்லை.”

“உங்கள் நல்ல மனதுக்கு நன்றி.”

எல்லாவற்றையும் இருவரும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். வாசகருக்குக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அதைவிட மோசம், “உங்கள் நிலை எனக்குத் தெரியும்” என்று அந்த மனிதர் உயிர் போனாலும் சொல்ல மாட்டார். அவர் வேலையே அதைச் சொல்லாமல் இருப்பதுதான். இப்படி மாற்றிப் பாருங்கள்:

“என்ன சார், மறுபடியும் வந்திருக்கீங்க?”

“ஒண்ணுமில்லீங்க. கணக்குல ஒரு சின்னத் தப்பு. என் தப்புதான்.”

“நான் குறைச்சலாக் குடுத்துட்டேனா?”

“இல்லீங்க, நீங்க கேட்டதைத்தான் குடுத்தீங்க. நான்தான் மாத்தி எழுதிட்டேன்.”

சீட்டை நீட்டினார். அந்தப் பெண்மணி வாங்கவில்லை. ஒரு கை கதவிலேயே இருந்தது.

“இன்னைக்கு என்ன தேதி சார்?”

“இருபத்தெட்டு.”

“உங்களுக்குத் தெரியாததா?”

கடைசி வரியில் வறுமை என்ற சொல் இல்லை, வங்கி என்ற சொல்லும் இல்லை. முன்பு நட்ட விதை இருந்தால் இரண்டும் கேட்கும். அவர் அறிந்ததை அந்தப் பெண்மணி முதன்முறையாக அவர் முன் எடுத்து வைக்கிறார். அவர் கூச்சப்பட்டதை முகபாவமாக வர்ணிக்க வேண்டாம். நீட்டிய சீட்டை அவர் எப்படித் திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்பதைக் காட்டுங்கள். எழுத்து உள்ளே போகும்படி அவரே மடித்துப் பைக்குள் வைத்தால், சொல்லாமலே புரியும்.

பேச்சு வழக்கில் ஒரு கவனம். இருவரும் “சார்”, “ங்க” என்ற மரியாதையிலேயே நிற்கட்டும். நெருக்கம் காட்டுவதற்காகத் திடீரென்று “தங்கச்சி” என்றோ “அண்ணா” என்றோ மாறினால், அவர்களுக்கு நடுவே இருந்த கவுன்டர் காணாமல் போகும்.

7. முடிவைத் தீர்மானிப்பது

மூன்று வழிகள் எளிதில் தோன்றும். அவர் 27-ஐத் தன் பாக்கெட்டிலிருந்து போட்டு நேர்செய்வது முதல் வழி. காசாளர் குறைவைத் தானே ஈடுகட்டும் பழைய பழக்கம்தான் அது, ஆகவே அவரிடம் எதுவும் மாறவில்லை. மறுநாள் அந்தப் பெண்மணி காசை உறையில் போட்டு அனுப்புவது இரண்டாவது. படிக்க இதமாக இருக்கும், ஆனால் முடிவெடுக்கும் சுமையை அவரிடமிருந்து பிடுங்கிவிடும். அடித்துத் தள்ளுபடி என்று எழுதுவது மூன்றாவது. அப்படிச் செய்தால் அவர் தருமம் செய்தவராகிவிடுவார், அந்த வீட்டுக்காரர் வாங்கியவராகிவிடுவார்.

நான் பரிந்துரைப்பது நான்காவது. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க அனாமத்து என்ற தலைப்பு உண்டு. அனாமத்தில் எழுதினாலும் யார், எதற்காக, என்ன தேதி என்ற விவரம் இருக்க வேண்டும், விரைவில் தீர்க்கவும் வேண்டும். அவர் மறுநாள் காலை நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அனாமத்து என்று எழுதி, 27 என்று மட்டும் பதிகிறார். பெயர் எழுதவில்லை. அப்போது தொலைபேசியில் அந்த வீட்டின் அடுத்த ஆர்டர் வருகிறது. அவர் புதுச் சீட்டில் பொருட்களை எழுதிக்கொள்கிறார். பழைய பாக்கி என்று மேலே எதுவும் எழுதவில்லை.

கணக்கும் அழியவில்லை, இரகசியமும் காப்பாற்றப்பட்டது. அவருடைய இரண்டு பழக்கங்களும் ஒன்றோடொன்று மோதி, விவரமில்லாத பதிவு ஒன்றை வாழ்நாளில் முதன்முறையாக அவர் எழுதுகிறார். அவரைப் பொறுத்தவரை இது பெரிய மாற்றம். வாசகருக்கு அது தெரிய வேண்டுமானால் அனாமத்து என்ற சொல் கதையின் முதற்பாதியில் ஒருமுறை வந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு தொகையை அனாமத்தில் இரவு தங்கவிடாமல் அவர் விரட்டித் தீர்த்ததை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

8. திருத்தும் வரிசை

மொழியை முதலில் திருத்த உட்காராதீர்கள். அழகாக்கிய வரியைப் பின்னால் வெட்ட மனம் வராது.

முதலில் எண்களைப் பாருங்கள். சர்க்கரை, நடை, சீட்டு, 27, தேதி எல்லாவற்றையும் காகிதத்தில் மறுபடி போட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் எட்டு வீடு என்றும் இன்னோரிடத்தில் ஒன்பது என்றும் வந்திருக்கும்.

அடுத்து, யாருக்கு எப்போது என்ன தெரியும் என்று பாருங்கள். கதை அவர் கண் வழியே போகிறது. கதவுக்கு உள்ளே அந்தப் பெண்மணி என்ன நினைத்தார், அலமாரியில் என்ன இருந்தது என்று ஒரு வரி நுழைந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். அவருடைய பழைய அறிவை இன்றைய உண்மையாகச் சொல்லும் வரிகளும் போக வேண்டும். “இப்போதும் அவள் கணக்கில் ஒன்றுமில்லை” என்று அவரால் சொல்ல முடியாது.

பிறகு, விளக்க வரிகள். “அவருக்குப் புரிந்தது”, “அன்றுதான் உணர்ந்தார்” என்று தொடங்கும் வாக்கியங்களைத் தேடி ஒவ்வொன்றையும் மறைத்துவிட்டுப் படியுங்கள். காட்சி தானே நின்றால் வரி வேண்டாம். நிற்காவிட்டால் குறை அந்த வரியில் இருக்காது, முன்னால் எதையோ நடாமல் விட்டிருப்பீர்கள். அங்கே போய்ச் சேருங்கள்.

கடைசியாக உரையாடலை மட்டும் சத்தமாகப் படியுங்கள். கதவுக் காட்சியில் இருவரில் எவர் பேச்சாவது மூச்சுவிடாமல் மூன்று வாக்கியம் ஓடினால், அதில் இரண்டை வெட்டலாம்.